வாரத்துக்குப் பத்தே ஆர்டர்: மெட்டா விளம்பரத்தை எந்த ஈவென்டுக்கு ஓட்டுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணக்குப் போட்டுக் காட்ட ஒரு கடையைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். இணையத்தில் பருத்திச் சேலை விற்கும் கடை. சராசரி ஆர்டர் ₹2,900. சரக்கு, பேக்கிங், கூரியர் எல்லாம் போக ஒரு ஆர்டரில் ₹1,200 நிற்கும். விளம்பரத்துக்கு நாளைக்கு ₹1,500, அதாவது வாரத்துக்கு ₹10,500 செலவு. விளம்பரம் வழியாக வாரத்துக்குப் பத்து ஆர்டர் வருகிறது. ஒரு ஆர்டர் பிடிக்க ₹1,050 ஆகிறது, கையில் ₹150 மிஞ்சுகிறது. கீழே வரும் எண்களெல்லாம் இந்தக் கடையுடையவை. உங்கள் கடைக்கு எண்கள் மாறும், கணக்குப் போடும் விதம் மாறாது.

ஒரே ஆடியன்ஸுக்கு ஓடும் விளம்பரங்களின் தொகுப்பான ஆட் செட்டில் "Learning limited" என்று காட்டுகிறது. விளம்பரம் கெட்டுப்போய்விட்டதா?

இல்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த ஈவென்ட், அதாவது கூடையில் போடுவது, வாங்குவது போலத் தளத்தில் நடக்க வேண்டும் என்று நீங்கள் மெட்டாவிடம் கேட்ட செயல், கடைசியாகச் செய்த பெரிய மாற்றத்துக்குப் பிறகான ஏழு நாளில் 50 தடவை அளவுக்கு வராது என்று மெட்டா கணிக்கிறது. அதைத்தான் அந்த வரி சொல்கிறது. அது தண்டனையும் இல்லை, விளம்பரம் நிற்பதும் இல்லை.

பின்னால் நடப்பது இதுதான். ஒவ்வொரு ஆளுக்கும் விளம்பரத்தைக் காட்டும் முன், "இவர் இந்தச் செயலைச் செய்ய எவ்வளவு வாய்ப்பு" என்று ஒரு மதிப்பீடு போடப்படுகிறது. ஏலத்தில் உங்கள் இடத்தை முடிவு செய்வதில் அந்த மதிப்பீட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் கடையில் இன்னார் வாங்குகிறார் என்பதற்குக் கையில் பத்தே உதாரணம் இருந்தால் மதிப்பீடு ஆட்டம் காணும். எண்ணிக்கையின் இயல்பே அப்படி. பத்து என்று எதிர்பார்க்கும் இடத்தில், வேறு எதுவும் மாறாமலேயே ஏழும் வரும், பதின்மூன்றும் வரும். ஆர்டர் செலவு ஒரு வாரம் ₹800, அடுத்த வாரம் ₹1,500 என்று குதிப்பதற்குப் பாதிக் காரணம் இதுவே.

ஆனால் நான்கு வாரக் கூட்டுத்தொகையில் ஆர்டர் செலவு உங்களுக்குக் கட்டுப்படியாகிற அளவில் நிற்கிறது என்றால், அந்த வரியைப் பார்த்துப் பதறி எதையும் மாற்ற வேண்டாம். ஒரே ஆட் செட்டில் வாரத்துக்கு 25 ஆர்டருக்கு மேல் வந்தால் 50 எட்டாவிட்டாலும் ஆர்டரைக் குறிக்கும் `Purchase` ஈவென்டிலேயே இருப்பது நல்லது என்பது எங்கள் கருத்து. பத்து, பதினைந்து என்றால்தான் யோசிக்க வேண்டும்.

பட்ஜெட்டை ஏற்றி 50-ஐத் தொட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்ததல்லவா?

₹1,050 வீதம் 50 ஆர்டருக்கு வாரம் ₹52,500, நாளைக்கு ₹7,500. இப்போது செய்வதைப் போல ஐந்து மடங்கு. அதுவும் ஆர்டர் செலவு அதே ₹1,050-ல் நின்றால்தான். பட்ஜெட் ஏறும்போது எளிதில் வாங்கக்கூடியவர்களைத் தாண்டி அடுத்த வட்டத்துக்குப் போக வேண்டியிருக்கும், செலவு பொதுவாக ஏறும். ஒரு ஆர்டரில் ₹150 மட்டும் மிஞ்சும் கடைக்கு அந்த ஏற்றத்தைத் தாங்க இடமில்லை. ஆர்டருக்கு ₹600, ₹700 மிஞ்சுகிற கடையாக இருந்தால் இது நியாயமான வழி.

ஈவென்டை மாற்றுவதற்கு முன்னால் செய்து பார்க்க வேண்டியது ஏதாவது உண்டா?

மூன்று உண்டு. பல கடைகளுக்கு இதிலேயே பாதிப் பிரச்சினை அடங்கிவிடும்.

முதலாவது, ஆட் செட்டுகளைச் சேர்ப்பது. 50 என்ற கணக்கு ஒவ்வொரு ஆட் செட்டுக்கும் தனித்தனி. சென்னைக்கு ஒன்று, கோவைக்கு ஒன்று, "சேலை ஆர்வம்" உள்ளவர்களுக்கு ஒன்று, பழைய வாடிக்கையாளர் போன்றவர்களுக்கு ஒன்று என்று நான்காகப் பிரித்து வைத்திருந்தால், பத்து ஆர்டர் மூன்றும் இரண்டுமாகச் சிதறும். எல்லாவற்றையும் ஒரே ஆட் செட்டாக்கி, விளம்பரப் படங்களை நான்கைந்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கையை வைக்காமல் இருப்பது. ஆடியன்ஸை மாற்றினாலும், ஆட் செட்டில் புது விளம்பரம் சேர்த்தாலும், பட்ஜெட்டைப் பெரிதாக ஏற்றி இறக்கினாலும் கற்றல் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். வியாழக்கிழமை ஆர்டர் வரவில்லை என்று வெள்ளிக்கிழமை எதையாவது மாற்றுகிறவருக்கு எந்த ஈவென்டும் உதவாது.

மூன்றாவது, வருகிற ஆர்டரெல்லாம் மெட்டாவுக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது. ஒரு வாரத்தில் கடையின் ஆர்டர் பட்டியலில் 30 இருந்து, ஈவென்டுகளை மெட்டா எண்ணிக் காட்டும் Events Manager-ல் `Purchase` 19 மட்டும் இருந்தால் பதினொன்றைத் தொலைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஐபோனில் அனுமதி மறுப்பவர்களும் விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்களும் தளத்தில் நடப்பதை மெட்டாவுக்குச் சொல்லும் பிரவுசர் பிக்சலின் கண்ணில் படாமல் போவார்கள். பணம் கட்டியதும் நன்றிப் பக்கத்துக்குத் திரும்பாமல் மூடிவிடுபவர்களும் அப்படியே. இதற்கு மருந்து, சர்வரிலிருந்தே தகவல் அனுப்பும் Conversions API. இதைச் சரிசெய்த பிறகு `Purchase` எண்ணிக்கை எங்கே நிற்கிறது என்று இரண்டு வாரம் பார்த்துவிட்டு மேலே போகலாம்.

எந்த ஈவென்ட் எத்தனை வருகிறது என்று எங்கே பார்ப்பது? Events Manager-ல் இருக்கும் எண்ணை எடுத்துக்கொள்ளலாமா?

அதை எடுக்கக் கூடாது. Events Manager காட்டுவது தளம் முழுக்க நடந்தது. கூகுளில் தேடி வந்தவர், வாட்ஸ்அப் லிங்கில் வந்தவர், பழைய வாடிக்கையாளர் எல்லாரும் அதில் உண்டு. ஆட் செட்டின் கற்றலுக்கு விளம்பரத்தோடு சேர்த்து எண்ணப்படும் ஈவென்ட் மட்டுமே கணக்கு.

Ads Manager-ல் ஆட் செட் பட்டியலுக்குப் போய், நெடுவரிசைகளை மாற்றும் இடத்தில் பொருள் பார்த்தது, கார்ட், செக்அவுட், பணத் தகவல், ஆர்டர் ஐந்தையும் சேருங்கள். கடைசி 28 நாளை எடுத்து நான்கால் வகுங்கள். ஒரு வாரத்தை மட்டும் எடுத்தால் சம்பள நாளோ பண்டிகையோ கணக்கைக் கெடுக்கும். நம் கடைக்கு வந்தது இது:

| ஈவென்ட் | வாரத்துக்கு | ஒன்றின் செலவு | இதில் ஆர்டர் ஆவது |
|---|---|---|---|
| `ViewContent` | 1,400 | ₹7.50 | 0.7% |
| `AddToCart` | 112 | ₹94 | 9% |
| `InitiateCheckout` | 48 | ₹219 | 21% |
| `AddPaymentInfo` | 22 | ₹477 | 45% |
| `Purchase` | 10 | ₹1,050 | – |

சரி, இதில் எதை எடுப்பது?

ஆர்டரிலிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி வாருங்கள். 50-ஐத் தொடும் முதல் படியில் நின்றுவிடுங்கள். இங்கே `InitiateCheckout` 48. அதற்கே ஓட்டும்போது எண்ணிக்கை கொஞ்சம் ஏறும் என்பதால் 50 எட்டிவிடும். `AddToCart`-ல் 112 இருக்கிறதே என்று அதற்குத் தாவத் தேவையில்லை. தேவைக்கு மேல் எண்ணிக்கை வாங்குவதற்காக ஆர்டரிலிருந்து இன்னொரு படி விலகுகிறீர்கள், அந்தப் பேரம் கட்டாது.

நெருக்கம் ஏன் முக்கியம் என்றால், மெட்டா நீங்கள் கேட்டதை மட்டுமே தேடித் தரும். செக்அவுட் கேட்டால் செக்அவுட் தொடங்குகிறவர்களைக் கொண்டுவரும், அவர் பணம் கட்டுவாரா என்பது அதன் கவலை இல்லை. விலையும் கூரியர் கட்டணமும் தெரிந்த பிறகு, பெயரையும் முகவரியையும் தட்டச்சு செய்யத் தொடங்குகிறவர் ஓரளவு மனதை முடிவு செய்தவர். சேலையைக் கூடையில் போட ஒரு தட்டல் போதும். `AddToCart`-க்கு இன்னொரு குறையும் உண்டு. ஒருவரே மூன்று சேலையைப் போட்டுப் பார்த்தால் மூன்று என்று எண்ணப்படும். 112 என்பது எழுபது பேராகவும் இருக்கலாம்.

`AddPaymentInfo` 22 என்பது காகிதத்தில் அழகான நடுவழி. ஆனால் நம் ஊர்க் கடைகளில் அதை நம்புவதற்கு முன் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். பணம் கட்டும் பக்கம் வேறொரு சேவையின் திரையில் திறந்தால் அந்த ஈவென்ட் கிளம்பாமலே போகலாம். கேஷ் ஆன் டெலிவரி எடுப்பவருக்கு ஒரு விதமாகவும் யுபிஐயில் கட்டுபவருக்கு வேறு விதமாகவும் கிளம்புவதும் நடக்கும்.

`ViewContent`-க்கு ஓட்டுவதை எங்கள் பட்டியலில் சேர்ப்பதில்லை. நூறில் ஒருவர்கூட வாங்காத கூட்டத்திலிருந்து வாங்குபவரின் சாயலைக் கற்க முடியாது. அதற்குப் பதில் அடுத்தடுத்த கேள்விகளில் வரும் சொந்த ஈவென்டைப் பாருங்கள்.

மாற்றிவிட்டேன். லாபமா நஷ்டமா என்று எந்த எண்ணைப் பார்த்துச் சொல்வது?

செக்அவுட் செலவைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். அது குறையத்தான் செய்யும், நீங்கள் கேட்டதே அதுதான். பார்க்க வேண்டியது, தொடங்கிய செக்அவுட்டில் எத்தனை விழுக்காடு ஆர்டராகிறது என்பதை. அதற்கு ஒரு எல்லைக்கோடு போட்டுக்கொள்ளலாம்:

```
எல்லை விகிதம் = புதிய செக்அவுட் செலவு ÷ பழைய ஆர்டர் செலவு
```

மாற்றிய பிறகு நான்கு வாரத்தில், அதே ₹42,000-க்கு 256 செக்அவுட் வந்தது என்று வையுங்கள். ஒன்று ₹164. எல்லை 164 ÷ 1,050, அதாவது 15.6%. அந்த 256-ல் 46 ஆர்டர் என்றால் விகிதம் 18%. முன்பிருந்த 21%-ஐவிடக் குறைந்திருக்கிறது, ஆனால் எல்லைக்கு மேலேதான் இருக்கிறது. ஆர்டர் செலவு ₹913-க்கு இறங்கியிருக்கும். மாற்றம் பலித்திருக்கிறது.

இன்னொரு விதமாகவும் முடியலாம். 340 செக்அவுட், ஒன்று ₹124. அறிக்கையில் பார்க்க அருமையாக இருக்கும். எல்லை 11.8%. ஆர்டர் 34 மட்டும் என்றால் விகிதம் 10%. எல்லைக்குக் கீழே போயாயிற்று. ஆர்டர் செலவு ₹1,235, ஒவ்வொரு சேலைக்கும் கைக்காசு ₹35 போகிறது. செக்அவுட் மலிய மலிய நஷ்டம் கூடும் நிலை இது. விளம்பரம் ஓட்டித் தரும் ஏஜென்சி செக்அவுட் செலவை மட்டும் காட்டினால், இந்த விகிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. முன்பு நான்கு வாரத்துக்கு 40 ஆர்டர், இப்போது 46. இந்த ஆறு வித்தியாசத்தை வெற்றி என்று அறிவிக்க முடியாது. இரண்டு எண்களையும் கூட்டினால் 86. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 9. ஒன்பதுக்குள் வரும் வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. நம்பிப் பேச அதைப் போல இரண்டு மடங்கு, பதினெட்டு போல வித்தியாசம் வேண்டும். "கெடுதல் இல்லை, தொடரலாம்" என்பதுதான் 46 தரும் செய்தி. விகிதத்தை வாராவாரம் குறித்துக்கொண்டே வாருங்கள். வாரத்துக்கு 60 செக்அவுட் என்னும்போது 18% ஒரு வாரம் 13 ஆகவும் ஒரு வாரம் 23 ஆகவும் தெரியும், அதற்கெல்லாம் ஈவென்டை மாற்றக் கூடாது.

`AddToCart`-க்கு மாற்றினேன். கார்ட் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது, ஆர்டர் அப்படியே இருக்கிறது. எங்கே தப்பு?

கூடையில் போடுவதையே பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் உண்டு. விலை குறையட்டும் என்று போட்டு வைப்பவர், தங்கைக்குக் காட்டப் போட்டு வைப்பவர், கூரியர் கட்டணம் எவ்வளவு என்று பார்க்கப் போடுபவர். மெட்டா அவர்களை நன்றாக அடையாளம் காணும், ஏலத்தில் மலிவாகவும் கிடைப்பார்கள். கார்ட் கேட்டவருக்கு அவர்களைத்தான் கொண்டுவந்து கொட்டும்.

எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க Breakdown-ல் முதலில், விளம்பரம் எந்த இடத்தில் தெரிந்தது என்று காட்டும் Placement பாருங்கள். ஓரிடத்தில் கார்ட் குவிந்து, அங்கே செக்அவுட்டே இல்லாமல் இருந்தால் கைதவறித் தட்டுகிறவர்கள் அங்கே அதிகம் என்று பொருள். அடுத்து வயது வாரியாகப் பாருங்கள். சேலை வாங்குவோர் 30-க்கு மேல், கார்ட் குவிவது 18–24-ல் என்றால் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

மூன்றாவது காரணம் கண்ணுக்கு உடனே தெரியாது. ஏற்கெனவே தளத்துக்கு வந்து போனவர் கூடையில் போட வாய்ப்பு அதிகம் என்பதால் விளம்பரம் அவர்களையே சுற்றிவரும். சென்ற மாதம் வாங்கியவர்களை ஆடியன்ஸிலிருந்து விலக்குங்கள். ஒருவருக்கே விளம்பரம் எத்தனை தடவை தெரிகிறது என்று காட்டும் Frequency ஏறிக்கொண்டே போகிறதா என்றும் பாருங்கள்.

இவையெல்லாம் சரிசெய்தும் விகிதம் ஏறவில்லை என்றால் ஒரு படி மேலே, செக்அவுட்டுக்குப் போக வேண்டியதுதான். அங்கே வாரம் 35 வந்தாலும் பரவாயில்லை. 112 வெற்றுக் கார்ட்டைவிட 35 உண்மையான செக்அவுட் மேல்.

எனக்கு வாரத்துக்கு மூன்று ஆர்டர், செக்அவுட்டே பன்னிரண்டுதான். கார்ட் முப்பது. என்ன செய்வது?

இங்கேதான் சொந்தமாக ஒரு ஈவென்ட் செய்துகொள்வது பலன் தரும். வாங்கும் எண்ணமுள்ளவர் மட்டும் செய்யக்கூடிய, ஆனால் செக்அவுட்டைவிட அதிகம் பேர் செய்கிற ஒரு செயல் உங்கள் பக்கத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். இந்தியக் கடைகளுக்கு நன்றாகப் பொருந்துவது பின்கோடு பெட்டி. "என் ஊருக்கு வருமா, எப்போது வரும்" என்று ஆறு இலக்கத்தைத் தட்டிப் பார்ப்பவர் சும்மா வேடிக்கை பார்ப்பவர் அல்ல. அளவு அட்டவணையைத் திறந்து பார்ப்பது, ரவிக்கைத் துணி சேர்த்தா சேர்க்காமலா என்று தேர்ந்தெடுப்பது போன்றவையும் உதவும்.

பின்கோடு சரியானது, டெலிவரி உண்டு என்ற பதில் திரையில் வந்த பிறகே ஈவென்ட் கிளம்ப வேண்டும். ஒரு வருகைக்கு ஒரு தடவைதான்:

```js
if (!sessionStorage.getItem('pinOk')) {
  fbq('trackCustom', 'PincodeOK', {
    content_ids: ['SR-118'],
    content_type: 'product'
  });
  sessionStorage.setItem('pinOk', '1');
}
```

பிறகு Events Manager-ல் இதை வைத்து ஒரு Custom conversion உருவாக்கினால், ஆட் செட்டில் ஈவென்டைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் அது வரும். உடனே விளம்பரத்தை அதற்கு மாற்றிவிடாதீர்கள். மூன்று நான்கு வாரம் சும்மா எண்ணவிடுங்கள். பின்கோடு தட்டியவரில் எத்தனை பேர் வாங்கினார்கள், கூடையில் போட்டவரில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று ஒப்பிடுங்கள். பின்கோடு விகிதம் கார்ட் விகிதத்துக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்து, எண்ணிக்கையும் கூடுதலாக இருந்தால்தான் அதற்கு மதிப்பு. இரண்டும் இல்லையென்றால் அது வெறும் அலங்காரம்.

முப்பது நொடி பக்கத்தில் நின்றார், பாதிவரை உருட்டினார் என்பதையெல்லாம் ஈவென்டாக்குவதைப் பரிந்துரைக்க மாட்டோம். போனைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனவரும் முப்பது நொடி நிற்பார்.

ஈவென்ட் சரியாகக் கிளம்புகிறதா என்று எப்படிச் சோதிப்பது?

Events Manager-ல் Test events-ஐத் திறந்து வைத்துக்கொண்டு, உங்கள் போனிலேயே ஒரு ஆர்டரை முதலிலிருந்து கடைசிவரை போடுங்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் என்ன வருகிறது என்று பக்கத்திலேயே தெரியும். கேஷ் ஆன் டெலிவரிக்கு ஒன்று, யுபிஐக்கு ஒன்று என இரண்டு ஆர்டர் போட்டுப் பாருங்கள்.

அடிக்கடி அகப்படும் கோளாறுகள் சில. பக்கவாட்டில் கூடை திறந்ததுமே `InitiateCheckout` கிளம்பிவிடும். அப்படியானால் கார்ட்டும் செக்அவுட்டும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் இருக்கும், அதுவே அடையாளம். "இப்போதே வாங்கு" பட்டன் கூடையைத் தாண்டிப் போவதால் `AddToCart` வராமலே செக்அவுட் வரும். ஒரே தட்டலில் முடிக்கும் செக்அவுட் செயலி போட்டிருந்தால் `InitiateCheckout` அறவே காணாமல் போகலாம்.

எண்ணிக்கை திடீரென்று இரட்டித்தால், பிரவுசரும் சர்வரும் ஒரே செயலை இரண்டாக எண்ணுகின்றன. இரண்டிலும் ஈவென்ட் பெயரும் `event_id`-யும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருந்தால்தான் மெட்டா ஒன்றைக் கழிக்கும், அதுவும் 48 மணி நேரத்துக்குள் இரண்டும் வந்து சேர்ந்தால். பிக்சல் `order_1042` என்றும் சர்வர் `1042` என்றும் அனுப்பினால் அவை இரண்டு ஆர்டர்கள். ஈவென்டைத் தேர்ந்தெடுக்கும் முன் இதைப் பார்க்காவிட்டால் மேலே போட்ட அட்டவணை முழுவதும் பொய்.

கார்ட் பட்டனிலேயே `Purchase` ஈவென்டை வைத்துவிட்டால் 50 சுலபமாக வந்துவிடுமே?

வந்துவிடும். கூடவே வாங்கியவர் பட்டியல், அவர்களைப் போன்றவர் பட்டியல், வருமானக் கணக்கு எல்லாவற்றிலும் வாங்காதவர்கள் நிறைந்துவிடுவார்கள். பிறகு உண்மையான `Purchase`-க்குத் திரும்பும் நாளில் பழைய குப்பையை எடுத்துவிட வழி இருக்காது. வேண்டாம்.

எங்களுக்குப் பாதிக்கு மேல் கேஷ் ஆன் டெலிவரி. சிலர் பார்சலை வாங்காமல் திருப்பி அனுப்புகிறார்கள். அது இந்தக் கணக்கில் வருமா?

கட்டாயம் வரும். பத்து ஆர்டரில் இரண்டு திரும்பினால் உண்மையான ஆர்டர் எட்டு. ₹10,500-ஐ எட்டால் வகுத்தால் ₹1,312. ஒரு ஆர்டரில் நிற்பதே ₹1,200 என்னும்போது, மிஞ்சுவதாக நினைத்த ₹150 ஏற்கெனவே காணாமல் போய்விட்டது, திரும்பிய பார்சலின் கூரியர் செலவு தனி.

டெலிவரி ஆனதையே ஈவென்டாக்கி அதற்கு ஓட்டலாமே என்று தோன்றும். ஆனால் எண்ணிக்கை இன்னும் குறையும். பார்சல் சேரும் நேரத்துக்குள் கிளிக் செய்து ஏழு நாள் கடந்துவிடுவதும் உண்டு. அதனால் ஓட்டுவதற்குச் செக்அவுட், தீர்ப்புச் சொல்வதற்கு டெலிவரி ஆன ஆர்டர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். எல்லை விகிதத்தையும் டெலிவரி ஆன ஆர்டரை வைத்தே போடுங்கள். கேஷ் ஆன் டெலிவரிக்கு ₹100 முன்பணம் கேட்டால் ஆர்டர் எண்ணிக்கை குறையும், ஆனால் வருகிற ஆர்டர் திரும்பாமல் நிலைக்கும். ஈவென்டை மாற்றும் அதே வாரத்தில் மட்டும் இதைத் தொடங்காதீர்கள். எது எதனால் நடந்தது என்று பிரித்துப் பார்க்க முடியாது.

எங்கள் பொருள் ₹40,000 சோபா. ஆள் பார்த்து, வீட்டில் பேசி, மூன்று வாரம் கழித்துத்தான் வாங்குகிறார்.

உங்களுக்கு எண்ணிக்கையைவிட நாள்தான் முதல் சிக்கல். வழக்கமான அமைப்பில் கிளிக் செய்து ஏழு நாளுக்குள் நடப்பதே விளம்பரத்தின் கணக்கில் சேரும். மூன்று வாரம் கழித்து நடக்கும் விற்பனையிலிருந்து ஆட் செட் எதையும் கற்காது. பட்ஜெட்டைப் பத்து மடங்கு ஆக்கினாலும் இது மாறாது.

ஆகவே முதல் ஏழு நாளுக்குள் நடக்கும் செயல் ஒன்றைத் தேடுங்கள். துணி மாதிரி கேட்பது, ஷோரூமுக்கு வர நேரம் குறிப்பது, அறை அளவைக் கொடுத்து விலை கேட்பது. வெறும் பெயரும் போன் எண்ணும் வாங்கினால் எண் தவறாக இருக்கும் அழைப்புகளில் நாள் போய்விடும். அறையின் நீள அகலத்தைக் கட்டாயக் கேள்வியாக வைத்தால் எண்ணிக்கை பாதியாகும், வருகிறவர் பேசத் தயாராக வருவார்.

கூகுள் ஆட்ஸிலும் இதே கணக்குத்தானா?

அங்கே ஆட் செட்டுக்கு 50 என்ற கோடு கிடையாது. கன்வெர்ஷன்களை Primary, Secondary என்று பிரிக்கிறார்கள். ஏலத்தை நடத்துவது Primary, Secondary வெறும் பார்வைக்கு. அடிக்கடி நடக்கும் தவறு, கார்ட்டையும் ஆர்டரையும் இரண்டையும் Primary ஆக்குவது. அப்போது ஒரு ஆர்டரும் ஒரு கார்ட்டும் சம மதிப்பில் கூட்டப்பட்டு, மலிவான கார்ட் பக்கம் காசு சாயும். செக்அவுட்டை Primary ஆக்கினால் ஆர்டரை Secondary-க்கு இறக்குங்கள். இரண்டையும் வைத்தே தீர வேண்டுமென்றால் மதிப்பைப் பிரித்துக் கொடுங்கள். நம் கடையில் செக்அவுட்டில் 21% ஆர்டராகிறது, ஆர்டருக்கு ₹1,200 நிற்கிறது, எனவே ஒரு செக்அவுட் ஏறத்தாழ ₹250. அதே வாங்குபவரின் ஆர்டரும் பிறகு சேரும் என்பதால், ஆர்டரின் மதிப்பை ₹950 என்று வையுங்கள். ஏலமும் எண்ணிக்கைக்கு அல்லாமல் மதிப்புக்கு ஓடும் வகையாக இருக்க வேண்டும்.

மறுபடி `Purchase`-க்கு எப்போது, எப்படித் திரும்புவது?

செக்அவுட்டுக்கு ஓடும் ஆட் செட்டில் விளம்பரம் வழி ஆர்டர் தொடர்ந்து மூன்று வாரம் 30-ஐத் தாண்டினால் திரும்பிப் பாருங்கள். தீபாவளி, பொங்கல் வாரங்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்த மூன்று வாரமும் ஆடித் தள்ளுபடியில் வந்தவையாக இருந்தால் ஆவணியில் எண்ணிக்கை இறங்கும்.

ஓடுகிற ஆட் செட்டில் ஈவென்டை மாற்ற வேண்டாம். அதை நகலெடுத்து, நகலில் `Purchase` வைத்து, விளம்பரங்கள், ஆடியன்ஸ், பட்ஜெட் மூன்றையும் அப்படியே விடுங்கள். பழையதை அணைத்துவிட்டுப் புதியதை ஓட்டுங்கள். இரண்டையும் அரை அரை பட்ஜெட்டில் சேர்த்து ஓட்டினால் ஆர்டர் மறுபடி பதினைந்து பதினைந்தாகப் பிரிந்து, கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்பீர்கள். புதிய ஆட் செட்டின் முதல் வாரத்தில் ஆர்டர் செலவு ஏறித் தெரியும், அதைத் தீர்ப்புக்கு எடுக்காமல் அடுத்த இரண்டு வாரத்தைப் பாருங்கள். அப்போதும் பழையதைவிடக் கால் பங்குக்கு மேல் செலவு கூடியிருந்தால் நகலை அணைத்து, பழைய ஆட் செட்டை மறுபடி ஓடவிடுங்கள். ஏழு நாளுக்கு மேல் நின்றிருந்ததால் அதுவும் கற்றலை முதலிலிருந்து தொடங்கும். அந்த வாரத்துச் செலவையும் முன்கூட்டியே பட்ஜெட்டில் ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.